கூட்டாகவா, தனித்தனியாகவா?

கோவையில் பம்புசெட்டுக்கு இம்பெல்லர் வார்க்கும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, அண்ணி என மூன்று பேர் இயக்குநர்கள். பட்டறை அண்ணன் பொறுப்பு. ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றுவது தம்பி. கணக்குவழக்கெல்லாம் அண்ணி. ஜூன் 3-ஆம் தேதி கம்பெனி பதிவானது. அடுத்த வேலை கரண்ட் அக்கவுண்ட். வங்கியில் விண்ணப்பத்தோடு ஒரு பட்டியலையும் நீட்டினார்கள். அதில் ஒரு வரி: 'போர்டு ரெசல்யூஷன், சர்ட்டிஃபைட் ட்ரூ காப்பி'.

தம்பி அன்று மாலையே லெட்டர்ஹெட்டில் நாலு வரி தட்டினார். 'ஜூன் 1 அன்று கூடிய இயக்குநர் குழு, தங்கள் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கத் தீர்மானித்தது. கணக்கை இயக்குநர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் இயக்கலாம்.' கீழே தன் கையெழுத்து, பக்கத்தில் கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப்.

மறுநாள் கிளை அதிகாரி அதை அரை நிமிடம்கூடப் படிக்கவில்லை. "சார், கம்பெனி பிறந்ததே மூணாம் தேதி. மீட்டிங்கை ஒண்ணாம் தேதி போட்டிருக்கீங்களே?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேதியை மட்டும் திருத்திக்கொண்டு போயிருந்தால் வங்கி வாங்கிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த நாலு வரியில் தேதியைவிடப் பெரிய ஓட்டைகள் மூன்று இருந்தன. அவை கவுன்டரில் தெரியாது. பணம் சேர்ந்த பிறகு, மனஸ்தாபம் வரும் நாளில்தான் தெரியும்.

தனியாள் கணக்குத் தொடங்கினால் கையெழுத்துப் போட அவரே இருக்கிறார். கம்பெனிக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உயிர் உண்டு, கை கிடையாது. அதன் சார்பில் யார் கை எழுதலாம் என்பதை இயக்குநர் குழு கூடித்தான் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. விதிகள், கம்பெனிக்குக் கணக்குத் தொடங்கும்போது பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், பான் எண் ஆகியவற்றோடு இயக்குநர் குழுத் தீர்மானத்தையும் வாங்கி வைக்கச் சொல்கின்றன. மற்ற தாள்கள் எல்லாம் கம்பெனி யார் என்று காட்டுபவை. வங்கிக்குக் கம்பெனி இடும் கட்டளை இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. இன்னார் கையெழுத்து வந்தால் கொடு, வராவிட்டால் கொடுக்காதே என்பதே அந்தக் கட்டளை.

அந்தக் கட்டளைக்கு எவ்வளவு எடை என்பதை 1987-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நிறுத்துக் காட்டியது. மங்களூரில் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி கனரா வங்கியில் கணக்கு வைத்திருந்தது. கையெழுத்து அதிகாரம் மேனேஜிங் டைரக்டருக்கு. செக் புத்தகம் இருந்ததோ கணக்காளரின் மேசையில். அவர் மேனேஜிங் டைரக்டரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 காசோலைகளில் மூன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டார். 'உங்கள் ஆளை நீங்களே கவனிக்கவில்லையே' என்பது வங்கியின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போலிக் கையெழுத்துள்ள காசோலை, கம்பெனி வங்கிக்கு இட்ட கட்டளையே ஆகாது; கட்டளை இல்லாமல் கொடுத்த பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. தீர்மானத்தின் ஒவ்வொரு சொல்லையும் வங்கிகள் ஏன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தம்பி ஆடிட்டரிடம் போனார். ஆடிட்டர் எதையும் எழுதித் தரவில்லை. "மீட்டிங் நடந்ததா தம்பி?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் சாப்பிடும்போது பேசிக்கொண்டதைத் தவிர எதுவும் நடக்கவில்லை.

சிறு கம்பெனிகளில் பெரும்பாலும் இந்த வேலை தலைகீழாகவே நடக்கிறது. முதலில் 'நகல்' அச்சாகும். அசல் எப்போதாவது வருடக் கடைசியில், ஆடிட் நேரத்தில் எழுதப்படும். நகல் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு ஓர் அசல் எங்கோ இருந்தாக வேண்டும். அந்த அசல் மினிட்ஸ் புத்தகம். கூட்டம் நடந்த 30 நாளுக்குள் அதில் குறிப்பு ஏற வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அந்தக் குறிப்பைத் திருத்தி விளையாடினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்றும் அதே 118-ஆம் பிரிவு சொல்கிறது. நடக்காத கூட்டத்துக்கு நகல் கொடுப்பவர்கள் இந்த வரியைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

முறைப்படி செய்வதும் ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. பதிவான 30 நாளுக்குள் முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தை நடத்தியே ஆக வேண்டும்; அந்தக் கூட்டத்திலேயே வங்கிக் கணக்கையும் ஒரு பொருளாக வைத்துவிடலாம். கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அத்தனை பேர் வந்திருந்தால் கூட்டம் செல்லும். நம் கம்பெனியில் மூன்று பேரில் இருவர் போதும். ஜூன் 8 அன்று மூவருக்கும் மின்னஞ்சலில் அறிவிப்புப் போனது. கூட்டம் ஜூன் 16 என்று குறித்தார்கள்.

இடையில் கிடைத்த ஒரு வாரத்தில் ஆடிட்டர் சொன்ன முதல் வேலை, வங்கியின் மாதிரிப் படிவத்தை வாங்கி வருவது. பெரும்பாலான வங்கிகள் தீர்மானத்துக்கென்று சொந்த வாசகம் வைத்திருக்கின்றன. அதைக் கூட்டத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி ஒரு வாசகத்தை நிறைவேற்றும், வங்கி வேறு வாசகம் கேட்கும். மினிட்ஸ் புத்தகத்தில் ஒன்று, வங்கியின் கோப்பில் இன்னொன்று என்றாகிவிடும். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால்தான் அது உண்மை நகல்.

முன்கூட்டியே வாசகத்தைத் தயார் செய்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கம்பெனி செயலர்கள் கழகத்தின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான தரநிலைப்படி, மினிட்ஸிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத் தருவதானால் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிய பிறகே தர முடியும். ஆனால் தீர்மானத்தின் முழு வாசகமும் கூட்டத்திலேயே மேசைமேல் வைக்கப்பட்டு நிறைவேறியிருந்தால், அந்தத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலை அதற்கு முன்பே கொடுத்துவிடலாம். அச்சடித்த வாசகத்தோடு கூட்டத்துக்கு உட்காருபவர்கள் அன்று மாலையே வங்கிக்குப் போகலாம். பேச்சோடு பேச்சாக 'அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிடலாம்' என்று முடிப்பவர்கள் மினிட்ஸ் எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வங்கியின் படிவம் வந்தது, இரண்டு பக்கம். நடுவில் ஒரு நீண்ட வாக்கியம்: கணக்கில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசோலைகளுக்குப் பணம் தரவும், ஓவர்டிராஃப்ட் பெறவும், கடன் வாங்கவும், அதற்கு ஈடு வைக்கவும் இன்னாருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது என்று ஓடியது. அண்ணன் அதைத் தாண்டிப் போய்விட்டார். அண்ணிதான் விரலை வைத்து நிறுத்தினார். "நாம லோன் எதுவும் கேக்கலையேங்க?"

அண்ணி கேட்டது சரியான கேள்வி. கணக்குத் தொடங்குவதும் கடன் வாங்குவதும் சட்டத்தில் வெவ்வேறு தட்டுகளில் இருக்கின்றன. கடன் வாங்கும் அதிகாரம் 179-ஆம் பிரிவின் பட்டியலில் வருகிறது. அதை இயக்குநர் குழு கூட்டத்தில்தான் முடிவு செய்ய முடியும். கணக்குத் தொடங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அவசரமென்றால் வரைவை எல்லா இயக்குநர்களுக்கும் சுற்றுக்கு அனுப்பி, பெரும்பான்மையினரின் ஒப்புதலோடு நிறைவேற்றலாம். அடுத்த கூட்டத்தில் அதைக் குறித்துக்கொண்டால் போதும். வங்கிப் படிவத்தின் அந்த ஒற்றை வாக்கியம் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. அப்படிக் கட்டிய வாசகத்தைச் சுற்றறிக்கையில் நிறைவேற்றினால் கடன் பகுதி செல்லாமல் போகும்.

புதிய கம்பெனிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2018 நவம்பருக்குப் பிறகு பதிவான, பங்கு மூலதனமுள்ள கம்பெனிகள், பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட தொகை வந்து சேர்ந்துவிட்டது என்று 180 நாளுக்குள் ஐ.என்.சி-20ஏ படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதுவரை தொழில் தொடங்கவும் முடியாது, கடன் வாங்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தவும் முடியாது. பணம் வந்ததற்குச் சாட்சி வங்கி ஸ்டேட்மென்ட். ஆகவே அந்தக் கணக்கைத் தொடங்கும் நாளில் கம்பெனிக்குக் கடன் வாங்கும் அதிகாரமே உயிர் பெற்றிருக்காது. அந்த அதிகாரத்தை முதல் தீர்மானத்திலேயே ஓர் ஆளின் கையில் எழுதிக் கொடுப்பானேன்? கிளையில் கேட்டபோது, கடன் பகுதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நிறைவேற்றித் தந்தாலே போதும் என்றார்கள். படிவத்தைக் கல்வெட்டு என்று நினைத்துக் கேட்காமலே விடுபவர்கள்தான் அதிகம்.

அடுத்து வந்தது தம்பி எழுதிய 'கூட்டாகவும் தனித்தனியாகவும்'. காதுக்கு நிறைவாக ஒலிக்கும் தொடர். கடன் பத்திரங்களிலும் ஜாமீன் பத்திரங்களிலும் அதற்கு ஒரு பொருள் உண்டு: பாக்கியை எல்லோரிடமும் சேர்த்தும் கேட்கலாம், ஒருவரிடமே முழுதாகவும் கேட்கலாம். அது பொறுப்பைப் பற்றிய தொடர். கையெழுத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அதைத் தூக்கி வைத்தால் வங்கி எதை எடுத்துக்கொள்ளும்? 'கூட்டாக' என்றால் மூவரும் கையெழுத்திட வேண்டும். 'தனித்தனியாக' என்றால் ஒருவர் போதும். இரண்டையும் எழுதினால் ஒருவர் போதும் என்பதே மிஞ்சும். கூட்டாக என்பது வெறும் அலங்காரம். சிலர் தங்கள் வீட்டு சேமிப்புக் கணக்கின் நினைவில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றுகூட எழுதிவிடுகிறார்கள். இருவரில் ஒருவர் காலமானால் மற்றவருக்கு என்று பொருள்படும் ஏற்பாடு அது. இயக்குநர் இறந்தால் கம்பெனியின் பணம் இன்னோர் இயக்குநருக்குப் போகாது. அது கம்பெனியின் பணமாகவே கிடக்கும்.

ஜூன் 16 கூட்டத்தில் மற்றப் பொருள்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. இந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அண்ணன் சொன்ன யோசனை எளிமையானது: 2 லட்சம் ரூபாய் வரை யாராவது ஒருவர், அதற்கு மேல் யாராவது இருவர். தம்பி தலையாட்டிவிட்டார். அரை மணி கழித்து அவருக்கே ஏதோ உறுத்தியது. "அண்ணா, தப்பா நினைக்காதே. யாராவது ரெண்டு பேருன்னா நீயும் அண்ணியும் போட்டாலே போதுமே. நான் எதுக்கு?" அறையில் கொஞ்ச நேரம் மௌனம். அண்ணிதான் முதலில் பேசினார். "அவர் கேக்கறது நியாயந்தானுங்க. நாளைக்கு நமக்குள்ள எதாச்சும் வந்துட்டா?"

மாற்று யோசனையாக, 2 லட்சத்துக்கு மேல் போனால் தம்பியின் கையெழுத்தும் அண்ணன், அண்ணி இருவரில் ஒருவர் கையெழுத்தும் என்று வைத்தார்கள். அதிலும் ஒரு தொல்லை. தம்பி மாதத்தில் பாதி நாள் ராஜ்கோட்டிலும் அகமதாபாத்திலும் இருப்பார். இரும்புக்காரருக்கு 5 லட்சம் கொடுக்க வேண்டிய நாளில் அவர் ரயிலில் இருந்தால் பட்டறை நின்றுவிடும். முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார் அண்ணன். ஊரெங்கும் நடக்கும் வழக்கம்தான். அப்படிச் செய்தால் இரண்டு கையெழுத்து என்ற ஏற்பாட்டுக்கே வேலை இல்லாமல் போகும். வழி நெட்பேங்கிங்கில் கிடைத்தது: அண்ணி பணப் பரிமாற்றத்தைப் பதிவு செய்வார், தம்பி எங்கிருந்தாலும் தன் போனில் ஒப்புதல் தருவார். வங்கிக்காரர்கள் இதை மேக்கர்–செக்கர் என்பார்கள்.

ஆனால் அதைத் தீர்மானத்தில் எழுதினால்தான் வங்கி அப்படி அமைத்துத் தரும். காசோலையைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நெட்பேங்கிங்கைப் பற்றி வாய் திறக்காத தீர்மானங்கள் ஏராளம். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். கூட்டுக் கையெழுத்துக் கணக்கு என்று சொல்லி, இருப்பைப் பார்க்க மட்டும் வங்கி வசதி தரும். அல்லது தனியாக நிரப்பிய நெட்பேங்கிங் விண்ணப்பத்தில் யார் பெயருக்கு நேரே டிக் அடித்தார்களோ அவருக்கு முழு அதிகாரமும் போய்விடும். முன்கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவை ஒருக்களித்து வைத்த கதைதான்.

2 லட்சம் என்ற வரம்பையும் ஆடிட்டர் போனில் ஒருமுறை கிளறினார். ஒரு காசோலைக்கு 2 லட்சமா, ஒரு நாளைக்கு 2 லட்சமா? காசோலைக்கு என்றால், 6 லட்சத்தை ஒரே நாளில் மூன்று காசோலையாக ஒருவரே எழுதிவிடலாம். நாளைக்கு என்று வைத்தால் பத்திரம். ஆனால் கவுன்டரில் வரும் காசோலைகளை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கிளையும் ஒத்துக்கொள்ளாது. கணினியில் வரம்பு வைக்கக்கூடிய நெட்பேங்கிங்குக்குத்தான் அது பொருந்தும். எனவே காசோலைக்கு ஒரு வரம்பு, நெட்பேங்கிங்குக்கு ஒரு வரம்பு என்று பிரித்து எழுதினார்கள். வங்கியால் நடைமுறைப்படுத்த முடியாத நிபந்தனையை எழுதினால் அது காகிதத்தில் மட்டும் காவல் காக்கும்.

கையெழுத்து எண்ணிக்கையை வங்கி மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு சட்ட மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. 1920-களில் லிவர்பூலைச் சேர்ந்த லிகெட் என்ற கம்பெனி, தன் காசோலைகளில் இரண்டு இயக்குநர்கள் கையெழுத்திட வேண்டும் என்று பார்க்லேஸ் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. வங்கி அந்தக் கட்டளைக்குப் பொருந்தாத காசோலைகளுக்குப் பணம் கொடுத்துவிட்டது. வங்கி செய்தது தவறு என்றது நீதிமன்றம். ஆனாலும் அந்தக் காசோலைகள் கம்பெனி உண்மையாகவே தரவேண்டிய சரக்குப் பாக்கிகளைத் தீர்க்கப் போயிருந்த அளவுக்கு வங்கி தப்பித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. 'எப்படியும் வங்கி கொடுத்துவிடும்' என்று நம்புபவர்கள் தீர்ப்பின் இந்த இரண்டாவது பாதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

முக்கால் மணி நேரப் பேச்சுக்குப் பிறகு நிறைவேறிய வாசகம் ஏறக்குறைய இப்படி அமைந்தது. வங்கிக்குக் கொடுத்தது ஆங்கிலத்தில். அதன் பொருளைத் தமிழில் தருகிறோம்.

'கம்பெனியின் பெயரில் ______ வங்கியின் ______ கிளையில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் தொடங்குவது என்றும், கணக்குத் தொடங்கும் படிவங்களில் கையெழுத்திட்டு ஆவணங்களைத் தர இயக்குநர் திருமதி ______ (டி.ஐ.என். ______) அவர்களுக்கு அதிகாரம் அளிப்பது என்றும் தீர்மானிக்கப்படுகிறது.

கணக்கைக் கீழ்க்கண்டவாறு இயக்குவது என்றும் தீர்மானிக்கப்படுகிறது: காசோலை ஒன்றுக்கு ரூ.2,00,000 வரை இயக்குநர்கள் மூவரில் எவரேனும் ஒருவர். அதற்கு மேற்பட்ட தொகைக்கு, திரு. ______ (தம்பி) அவர்களோடு திரு. ______ (அண்ணன்), திருமதி ______ (அண்ணி) இவர்களில் ஒருவர் சேர்ந்து. நெட்பேங்கிங்கில் நாளொன்றுக்கு ரூ.2,00,000-க்கு மேற்பட்ட பரிமாற்றங்களைத் திருமதி ______ பதிவு செய்ய, திரு. ______ (தம்பி) ஒப்புதல் அளிக்க வேண்டும்.

இந்த அதிகாரத்தில் கடன், ஓவர்டிராஃப்ட் பெறுவதோ கம்பெனியின் சொத்தை ஈடு வைப்பதோ அடங்காது.

இத்தீர்மானத்தை மாற்றியோ ரத்து செய்தோ குழு எடுக்கும் முடிவு எழுத்து மூலம் வங்கிக்குக் கிடைக்கும்வரை இது செல்லுபடியாகும்.'

(அடைப்புக்குள் இருக்கும் அண்ணன், தம்பி, அண்ணி எல்லாம் வாசகருக்காக. அசலில் முழுப் பெயர்கள் மட்டுமே.)

முதல் பத்தியில் இருப்பது தொடங்கும் அதிகாரம், இரண்டாவதில் இருப்பது இயக்கும் அதிகாரம். தம்பியின் பழைய வரைவில் கணக்கைத் தொடங்கப் படிவங்களில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதே இல்லை. வேறு சில தீர்மானங்களில் 'தொடங்க அதிகாரம் அளிக்கப்படுகிறது' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். கணக்கு பிறக்கும், காசோலை போட ஆள் இருக்காது.

பெயர் எழுதுவதில் நம் ஊருக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. அது இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். ஆதாரில் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். இயக்குநருக்கான எட்டு இலக்க டி.ஐ.என். எண்ணை எடுத்தபோது கொடுத்த பெயர் மூன்றாவது வடிவம். வங்கி அதிகாரிக்கு மூன்றும் மூன்று ஆட்கள். தீர்மானத்தில் டி.ஐ.என். பதிவில் உள்ளபடி பெயரை எழுதி, பக்கத்திலேயே எண்ணையும் போட்டுவிட்டால் ஆள் யார் என்பதில் தகராறு வராது. மற்ற அட்டைகளில் பெயர் வேறுபட்டால் அதற்குத் தனியாக ஓர் உறுதிக் கடிதம் கேட்பார்கள். நம் அண்ணியிடமும் கேட்டார்கள்.

இனி, நகலைச் சான்றளிப்பது. தாள் கம்பெனியின் லெட்டர்ஹெட். கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.ஐ.என். எண், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கோவையில் பதிவான கம்பெனி என்றால் சி.ஐ.என்.னில் 'டி.இசட்.' என்ற இரண்டு எழுத்து வரும், சென்னை என்றால் 'டி.என்.' அதையடுத்து வரும் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. தேதிகளைச் சரிபார்க்கும் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும்.

தலைப்பில் எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணி என்று வரும். அதன் கீழே தீர்மானம், ஒரு கமா மாறாமல். கடைசியில் சான்று வாசகம்: 'மேற்கண்டது ஜூன் 16 அன்று கம்பெனியின் பதிவு அலுவலகத்தில் நடந்த இயக்குநர் குழுக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் உண்மை நகல் எனச் சான்றளிக்கிறேன். இத்தீர்மானம் இன்றுவரை மாற்றப்படவோ ரத்து செய்யப்படவோ இல்லை.' கையெழுத்து, பெயர், பதவி, டி.ஐ.என்., இடம், தேதி. இந்தத் தேதி நகல் கொடுக்கும் நாளின் தேதி. கூட்டத்தின் தேதியோடு குழப்பக் கூடாது. இரண்டும் ஒரே நாளாக இருக்கலாம், சான்றுத் தேதி பின்னால் வரலாம், முன்னால் மட்டும் வரக் கூடாது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். பழைய ஆட்கள் கேட்கும் பொறிப்பு முத்திரை, அதாவது காமன் சீல், 2015 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயமில்லை. வங்கி கேட்கும் சீல் என்பது பெரும்பாலும் 'ஃபார்' என்று தொடங்கும் வட்டமோ நீளமோ ஆன அந்த ரப்பர் ஸ்டாம்புதான்.

யார் சான்றளிப்பது? பெரிய கம்பெனி என்றால் கம்பெனி செக்ரட்டரி. செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயைத் தொடாத பிரைவேட் கம்பெனி முழுநேரச் செக்ரட்டரியை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. அங்கே, குழு அதிகாரம் அளித்த ஓர் இயக்குநர் சான்றளிப்பார். தம்பியின் முதல் வரைவில் மிச்சமிருந்த ஓட்டை இதுதான். பணம் எடுக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்பதற்கு அவரே சாட்சி, சாட்சிக் கையெழுத்தும் அவரே. சட்டம் அதை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் அதிகாரம் பெறாத ஒருவரோ, கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரோ கையெழுத்திடட்டும் என்று வங்கிகள் கேட்பது வழக்கம். மூவருமே அதிகாரம் பெறும் நம் கம்பெனியில் இருவர் சான்றளித்தார்கள்: கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அண்ணனும், தம்பியும்.

ஜூன் 17 அன்று தாள் கிளைக்குப் போனது. அதே அதிகாரி இந்த முறை இரண்டு நிமிடம் படித்தார். கடன் இல்லை என்ற வரியில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லது" என்று சொல்லி ஸ்கேன் செய்யக் கொடுத்தார். அடுத்த வாரம் கணக்கு எண் வந்தது. பங்குத் தொகை மூவரிடமிருந்தும் கணக்கில் ஏறியது.

அந்த ஆண்டு டிசம்பரில் அண்ணியின் உடல்நிலை காரணமாக அவர் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார். பதிவாளரிடம் 30 நாளுக்குள் டிர்-12 படிவம் தாக்கலானது. அப்போது ஆடிட்டர் மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார்: "பேங்குக்குச் சொல்லியாச்சா?" சொல்லவில்லை. பதிவாளரிடம் தெரிவித்தால் வங்கிக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். எழுத்து மூலம் கிடைக்கும்வரை பழைய தீர்மானமே செல்லும் என்ற கடைசி வரி அவர்களே எழுதியது. அதன்படி அண்ணியின் கையெழுத்து அன்றைக்கும் வங்கிக் கணினியில் உயிரோடுதான் இருந்தது.

மறுபடியும் கூடினார்கள், இந்த முறை இரண்டே பேர். புதிய தீர்மானத்தின் முதல் வரியை 'இதற்கு முந்தைய எல்லாத் தீர்மானங்களையும் ரத்து செய்து' என்று எழுத அண்ணன் பேனாவை எடுத்தார். தம்பி நிறுத்தினார். இடையில் இன்னொரு வங்கியில் ஜி.எஸ்.டி. கட்டுவதற்கென்று ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார்கள்; அந்தத் தீர்மானமும் சேர்ந்து ரத்தாகிவிடும். அண்ணன் அடித்துவிட்டுத் திருத்தினார்: 'ஜூன் 16 தேதியிட்ட தீர்மானத்தை, ______ எண்ணுள்ள கணக்கைப் பொறுத்த அளவில் மட்டும், ரத்து செய்து.'